“கெட்டுப்போன கோப்பை அனுப்புங்கள்” என்று பேராசிரியர் கேட்டால்

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவன். ஆய்வுத்திட்ட அறிக்கையைத் திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு கல்லூரிக் கணினிக்கூடத்தில் எழுதி முடித்து, பென் டிரைவில் எடுத்துவந்தேன். அறைக்கு வந்து திறந்தால், கோப்பு கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று வேர்டு சொல்கிறது. கணினிக்கூடத்துக் கணினிகளை அணைத்தால் அவற்றில் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும்; அங்கேயும் பிரதி இல்லை. ஒரு வார அவகாசம் கேட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “கெட்டுப்போன கோப்பை அனுப்புங்கள். என்ன மீதம் இருக்கிறது?” என்று மட்டும் பதில் வந்தது. அவர் என்னை நம்பவில்லை என்று தெரிகிறது. இதற்கு என்ன எழுதுவது? என் மின்னஞ்சலையும் அந்தக் கோப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதம் வந்த சனிக்கிழமை இரவே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பியிருந்தேன். அதையே, உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, உங்கள் அனுமதியுடன் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பேராசிரியரின் பதிலை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுப்பதாயிருந்தால் ‘முடியாது’ என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார். கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வேலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்க மாட்டார். அவர் கேட்டிருப்பவை இரண்டு: நடந்தது உண்மைதானா, உண்மையென்றால் எவ்வளவு நாள் தேவை. அவகாசம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய எவருக்கும் இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும். உங்கள் முதல் மின்னஞ்சலில் இரண்டில் ஒன்றுக்கும் விடை இல்லை. ஆகவே இப்போது நீங்கள் எழுத வேண்டியது தன்னிலை விளக்கம் அல்ல, அந்த இரண்டு கேள்விகளுக்கான விடை மட்டுமே.

முதல் கேள்வியில் சந்தேகம் இருப்பது உண்மைதான். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் நீங்கள் அல்ல, உங்களுக்கு முன்னால் வந்தவர்கள். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்பது மின்னஞ்சலில் ஒப்படைப்பு தொடங்கிய காலத்திலிருந்தே புழங்கிவரும் சாக்கு. வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளை மாணவர்களுக்கு விற்பதற்கென்றே இணையதளங்கள் இருந்திருக்கின்றன. ஆசிரியர் திறக்க முயன்று, முடியாமல், மறுபடி அனுப்பச் சொல்வதற்குள் இரண்டு மூன்று நாள் கிடைத்துவிடும் என்பதுதான் அந்த வியாபாரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிக்கைகளைத் திருத்தியிருக்கும் எனக்கும் அப்படிப்பட்டவை வந்திருக்கின்றன. அதனால் திறக்காத கோப்பு எதுவாயினும், அதை நோட்பேடில் இழுத்துப்போட்டு முதல் வரியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த முதல் வரி நிறையச் சொல்லும். `.docx` என்று முடியும் வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. எழுத்து, படம், பாணி அமைப்பு எல்லாம் தனித்தனிச் சிறு கோப்புகளாக அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். ஜிப் அமைப்பை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவரின் பெயர் முதலெழுத்துகளான `PK` என்ற இரண்டு எழுத்துகள் அதன் தொடக்கத்தில் நிற்கும். கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் கோப்பு `PK` என்று தொடங்கி, உள்ளே ஆங்காங்கே `word/document.xml` போன்ற பெயர்களும் தென்பட்டால், அது ஒருகாலத்தில் உண்மையான வேர்டு கோப்பாகத்தான் இருந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். `JFIF` என்றோ `Exif` என்றோ முதல் வரியில் தெரிந்தால், யாரோ ஒரு புகைப்படத்துக்கு `.docx` என்று பெயர் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. பெயரைத் திரும்ப மாற்றித் திறந்தபோது, ஒரு பூனை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் இந்தச் சோதனை எப்போதும் சரியான தீர்ப்பைத் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி அனுப்பிய கோப்பு அளவில் சரியாக இருந்தது. நோட்பேடில் திறந்தால் வெறுமை. உள்ளே எல்லாமே பூஜ்யம். போலி என்று முடிவுகட்டி அவகாசத்தை மறுத்துவிட்டேன். சேமிக்கும் தறுவாயில் மின்சாரம் போனால் இப்படி ஆகும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: கோப்பின் பெயரும் அளவும் வட்டில் பதிவாகியிருக்கும், உள்ளடக்கம் இன்னும் நினைவகத்திலிருந்து வட்டுக்கு இறங்கியிருக்காது, அந்த இடத்தைப் படிக்கும்போது பூஜ்யங்கள்தான் வரும். அந்த மாணவியிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மதிப்பெண் திரும்பி வரவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம், உங்கள் பேராசிரியரும் கோப்பைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வரக்கூடும் என்பதே. கோப்பை மட்டும் அனுப்பாமல், அதில் என்ன தெரியும், ஏன் அப்படித் தெரிகிறது என்று இரண்டு வாக்கியங்களை நீங்களே எழுதிவிடுவது நல்லது.

இப்போது உங்கள் கோப்புக்கு வருகிறேன். 6.1 எம்பி அளவு காட்டுகிறது. முதல் பகுதி, ஏறத்தாழ 3.7 எம்பி வரை, ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பின் பூஜ்யங்கள். பிரதி எடுப்பது முடிவதற்குள் பென் டிரைவ் பிடுங்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது பொருந்துகிறது. அவசரமாகக் கிளம்பியதாக நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஜிப் பொதிக்குள் என்னென்ன எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் பொதியின் கடைசியில்தான் எழுதப்படும். நூலின் பின்னால் வரும் பொருளடக்க அட்டவணையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிப் பக்கம் கிழிந்துபோனதால், மற்ற பக்கங்கள் நன்றாக இருந்தும் வேர்டு மொத்தப் புத்தகத்தையும் நிராகரிக்கிறது. இதில் உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. வேர்டு சேமிக்கும்போது அறிக்கையின் எழுத்துப் பகுதியான `document.xml` வழக்கமாகப் பொதியின் முன்பக்கத்திலும், படங்கள் அதற்குப் பின்னாலும் அமையும். வால் அறுந்தால் படங்கள் போகும். எழுத்து பெரும்பாலும் தப்பிவிடும்.

மீட்கத் தொடங்குமுன் கோப்பை மடிக்கணினிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, பென் டிரைவை உருவி எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இனி அதில் எதையும் எழுதக் கூடாது. அதைச் செருகும்போது, பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், பிரதி எடுத்து முடிக்கும்வரை சம்மதிக்க வேண்டாம். அந்தச் சரிசெய்தல், வட்டின் ஒழுங்கைக் காப்பாற்றுவதற்காக உங்கள் கோப்பின் துண்டுகளை வெட்டி `FOUND.000` என்ற மறைந்த உறையில் `FILE0000.CHK` போன்ற பெயர்களில் போட்டுவிடக்கூடும். ஏற்கெனவே சம்மதித்துவிட்டிருந்தால் அந்த உறைக்குள்ளும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பலரும் முதலில் சொல்வது வேர்டிலேயே இருக்கும் `Open and Repair`. கோப்பைத் திறக்கும் சாளரத்தில் `Open` பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் அது வரும். பிரதியின் மீது முயன்று பார்ப்பதில் தவறில்லை. எழுத்துப் பகுதிக்குள் சிறு பிழை இருந்தால் அது நன்றாகவே சரிசெய்யும். பொதியின் பட்டியலே இல்லாதபோது பெரும்பாலும் கைவிரித்துவிடும். உங்கள் கோப்பிலும் கைவிரித்தது. அதே கோப்பை 7-ஜிப் நிரலால் திறந்தபோது, பிழை எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு உள்ளே இருந்தவற்றைப் பட்டியலிட்டது. `word` உறைக்குள் `document.xml` முழுமையாக இருந்தது. `media` உறையில் இருந்திருக்க வேண்டிய 14 படங்களில் 9 வந்தன. மீதி 5 படங்களும், தலைப்புகளின் பாணியைக் குறித்துவைக்கும் `styles.xml` கோப்பும் பூஜ்யங்களோடு போய்விட்டன.

`document.xml` கோப்பைத் திறந்தால் குறிச்சொற்களின் காட்டுக்குள் உங்கள் வாக்கியங்கள் ஒளிந்திருக்கும். குறிச்சொற்களைக் களைந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுக்க, அந்தக் கோப்பு இருக்கும் உறையில் பவர்ஷெல்லைத் திறந்து இந்த மூன்று வரிகளை இடுங்கள்:

```
$t = Get-Content -Raw -Encoding UTF8 document.xml
$t = $t -replace '</w:p>', "`n" -replace '<[^>]+>', ''
$t | Set-Content -Encoding UTF8 text.txt
```

`text.txt` என்று ஒரு கோப்பு உருவாகும். அதில் அறிக்கையின் பத்திகள் வரிசையாக இருக்கும். அழகு எதுவும் இருக்காது. தலைப்பும் பத்தியும் ஒன்றுபோலத் தெரியும். அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி வரியாகச் சிதறியிருக்கும். தொடக்கத்தில் `PAGEREF` என்று வருபவை பொருளடக்கத்தின் எச்சங்கள். அவற்றைக் கண்டு மிரள வேண்டாம், அழித்துவிடலாம். அடிக்குறிப்புகள் இங்கே வராது; அவை `footnotes.xml` என்ற தனிக் கோப்பில் இருப்பவை. உங்கள் பொதியில் அந்தக் கோப்பும் தப்பியிருக்கிறது, அதற்கும் இதே மூன்று வரிகளைப் பெயர் மாற்றிப் பயன்படுத்தலாம்.

எழுத்து கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில், வேறு பிரதிகளைத் தேடுவதை விட்டுவிடாதீர்கள். வேர்டு தானாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துவைக்கும் மீட்புப் பிரதி உங்களுக்கு உதவாது. அது கணினிக்கூடத்துக் கணினியிலேயே தங்கி, அணைத்தவுடன் அழிந்திருக்கும். சொந்த மடிக்கணினியில் எழுதுபவர்கள் மட்டும் `%AppData%\Microsoft\Word` என்ற இடத்தில் `.asd` என்று முடியும் கோப்பைத் தேடலாம். உங்களைப் பொறுத்தவரை தேட வேண்டிய இடம் மின்னஞ்சலின் அனுப்பியவை பகுதி. தேடச் சொன்னேன், மூன்று வாரங்களுக்கு முன் முதல் மூன்று இயல்களைத் திருத்தம் கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. யாருக்கு அனுப்பியிருந்தீர்கள் என்றால், இதே பேராசிரியருக்கு! நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கான சாட்சி அவருடைய அஞ்சல் பெட்டியிலேயே, அவருடைய திருத்தங்களோடு இருக்கிறது. முதல் மின்னஞ்சலில் அதை ஒரு சொல்லால்கூட நினைவூட்டாமல் விட்டுவிட்டீர்கள்.

இனி அவருடைய இரண்டாவது கேள்வி. ஒரு வாரம் என்று நீங்கள் கேட்டது கணக்குப் போட்டுக் கேட்டதல்ல; பதற்றத்தில் வாயில் வந்தது. மீதமிருப்பதை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். அறிக்கை 58 பக்கம். எழுத்து முழுவதும் இருக்கிறது. அதைப் புதிய கோப்பில் இட்டுத் தலைப்புகள், பக்க எண்கள், பொருளடக்கம் ஆகியவற்றை மறுபடி அமைக்க 6 மணி நேரம் ஆகலாம். முதல் மூன்று இயல்களுக்குப் பழைய பிரதியின் வடிவமைப்பையே அடித்தளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால்தான் 6. இல்லாவிட்டால் இன்னும் கூடும். சிதறிய 7 அட்டவணைகளை மீண்டும் கட்டி எண்களைச் சரிபார்க்க 3 மணி நேரம். தொலைந்த 5 வரைபடங்களுக்கான தரவு உங்கள் மடிக்கணினியில் எக்செல் கோப்பாகப் பத்திரமாக இருப்பதால், படத்துக்கு அரை மணி நேரம் வீதம் இரண்டரை மணி நேரம் போதும். மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம். பிறகு தொடக்கம் முதல் முடிவுவரை ஒருமுறை வாசிக்க 4 மணி நேரம். இதை மட்டும் குறைக்க வேண்டாம், மீட்ட எழுத்தில் எங்காவது ஒரு வரி விழுந்திருந்தால் இந்த வாசிப்பில்தான் தெரியும். மொத்தம் 17 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை 8 மணி நேரமும், வகுப்புகள் உள்ள திங்கள், செவ்வாய் மாலைகளில் நான்கு நான்கு மணி நேரமும் கிடைத்தால், புதன்கிழமை காலை ஒரு மணி நேர வேலைதான் மிஞ்சும். ஆகவே புதன் மாலை 5 மணி என்பது கைக்கடக்கமான கெடு. ஏழு நாள் என்று தொடங்கிய வேண்டுகோள் இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்தை உங்கள் பணிவால் அல்ல, நீங்கள் மீட்டெடுத்த எழுத்தால்தான் பெற்றீர்கள். கோப்பை ஆராய்ந்து பார்க்குமுன் அவகாசம் கேட்டு எழுதுவதில் உள்ள குறை இதுதான்: எத்தனை நாள் கேட்பது என்று எழுதுபவருக்கே தெரியாது.

இரண்டு நாளுக்கும் ஏழு நாளுக்கும் உள்ள வேறுபாடு பேராசிரியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மிகப் பெரியது. அறிக்கைகளைத் திருத்தி மதிப்பெண்ணைப் பதிவுசெய்ய அவருக்கும் ஒரு கெடு இருக்கும். வெளித் தேர்வாளர் வரும் நேர்முகத் தேர்வு இருந்தால் அதற்குமுன் அறிக்கை தேர்வாளர் கைக்குப் போயாக வேண்டும். இரண்டு நாள் தாமதத்தை, உங்கள் அறிக்கையைக் கட்டின் அடியில் வைத்துக் கடைசியாகத் திருத்துவதன் மூலம் அவரே சமாளித்துவிட முடியும். ஒரு வாரம் என்றால் பெரும்பாலும் அவர் வேறு ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அப்படி நிற்க வேண்டியிருக்குமா என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்படைப்புத் தேதியைப் பாட ஆசிரியரே வைத்திருந்தால் அதைத் தளர்த்த அவரால் முடியும். துறையோ தேர்வுப் பிரிவோ வைத்த தேதி என்றால், எவ்வளவு இரக்கம் இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை. எந்தத் தேதி யாருடையது என்று உங்கள் பாடத்திட்ட அறிவிப்பில் இருக்கும். தெரியாவிட்டால் மின்னஞ்சலில் இரண்டுக்கும் வழி விட்டு எழுதுங்கள்: தேதியைத் தள்ள முடிந்தால் புதன்கிழமை, முடியாவிட்டால் திங்கட்கிழமையே கையிலிருக்கும் வடிவத்தை ஒப்படைத்துவிட்டு, திருத்திய வடிவத்தைப் பின்னர் இணைக்க அனுமதி. இரண்டாவது வழியைச் சொல்லாமல் விட்டால், ‘என் கையில் இல்லை’ என்ற பதிலோடு கடிதப் போக்குவரத்து முடிந்துவிடும்.

உங்கள் முதல் மின்னஞ்சலைப் பற்றி இரண்டு சொல். அதில் “எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்று தொடங்குகிறீர்கள். இந்தத் தொடரை ஆசிரியர்கள் நூறுமுறை படித்திருப்பார்கள். அதற்குள் யார் என்ன செய்தார் என்ற செய்தியே இல்லை. நீங்கள் பென் டிரைவை அவசரத்தில் பிடுங்கினீர்கள். அதை அப்படியே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். தன் தவற்றைச் சொல்பவரை நம்புவது எளிது என்பது ஒருபுறம் இருக்க, கோப்பின் பின்பகுதி ஏன் பூஜ்யமாக இருக்கிறது என்பதற்கும் அதுவே விளக்கம். அடுத்து “இரவு பகல் பாராமல் உழைத்தேன்”, “கடும் மன உளைச்சலில் இருக்கிறேன்”, “கருணை கூர்ந்து” என்று மூன்று வாக்கியங்கள். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்பவரும் இதே வாக்கியங்களைத்தான் எழுதுவார் என்பதால், அவற்றால் உங்கள் கூற்றுக்கு எடை கூடுவதில்லை. பொருள் வரியில் “மிக அவசரம்” என்று மட்டும் இருந்தது; உங்கள் பெயர் தவிர, எந்தப் பாடம், எந்த அறிக்கை என்ற குறிப்பு எங்குமே இல்லை.

பின்வருவது நான் பரிந்துரைத்த வடிவம். அவருடைய ஒரு வரிப் பதிலுக்கு மறுமொழியாக, அதே தொடரில் அனுப்புங்கள்; புதிய மின்னஞ்சலாகத் தொடங்கினால் முந்தையதை அவர் தேடியெடுக்க வேண்டியிருக்கும்.

“பொருள்: ஆய்வுத்திட்ட அறிக்கை – கெட்டுப்போன கோப்பும் மீட்ட பகுதியும் இணைப்பில்; புதன் மாலை 5 மணி வரை அவகாசம் வேண்டுதல்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாங்கள் கேட்ட கோப்பை இணைத்துள்ளேன். வெள்ளிக்கிழமை இரவு கணினிக்கூடத்தில் அறிக்கையைப் பென் டிரைவில் பிரதி எடுக்கும்போது, அது முடிவதற்குள் நான் அவசரப்பட்டு அதை எடுத்துவிட்டேன். இது என் கவனக்குறைவு. கோப்பின் முதல் 3.7 எம்பி சரியாகவும் அதற்குப் பின்னுள்ள பகுதி வெறுமையாகவும் இருப்பதால் வேர்டில் திறக்கவில்லை.

மீதம் இருப்பவை: 58 பக்க அறிக்கையின் எழுத்து முழுவதையும் வடிவமைப்பின்றி மீட்டுவிட்டேன், அதையும் இணைத்துள்ளேன். 14 படங்களில் 9 கிடைத்துள்ளன. தரவுக் கோப்பு என்னிடம் உள்ளது. முதல் மூன்று இயல்களைத் தங்கள் திருத்தத்துக்காக மூன்று வாரங்களுக்கு முன் அனுப்பியிருந்தேன். அந்தப் பிரதியும் உள்ளது.

இனிச் செய்ய வேண்டியவை: வடிவமைப்பு, 7 அட்டவணைகள், 5 வரைபடங்கள், மேற்கோள் பட்டியல், முழு வாசிப்பு. இவற்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் தேவைப்படும். திங்கள் மாலை 5 மணிக்குப் பதிலாகப் புதன் மாலை 5 மணிக்குள் ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறேன். தாமதத்துக்கான மதிப்பெண் குறைப்பு விதி இருப்பின் அதற்கு உட்படுகிறேன்.

தேதியை மாற்றுவது தங்களால் இயலாததாயின், அதுவரை முடிந்த வடிவத்தைத் திங்கள் மாலை ஒப்படைத்துவிட்டு, முழு வடிவத்தைப் புதன்கிழமை தர இயலுமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர், பதிவு எண், பாடப் பெயர்”

மதிப்பெண் குறைப்பை நாமே ஏன் நினைவூட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். விதி இருந்தால் அவருக்கு அது தெரியும். மற்ற மாணவர்கள் திங்கட்கிழமையே ஒப்படைத்திருக்க, உங்களுக்கு மட்டும் இரண்டு நாள் கொடுத்ததற்கு நாளை யாரேனும் விளக்கம் கேட்டால், அந்த வாக்கியம் அவருக்குக் கைகொடுக்கும். எத்தனை மதிப்பெண் என்று பேரம் பேசும் வாக்கியத்தை மட்டும் சேர்க்காதீர்கள்.

இணைப்புகளில் சிறிது கவனம் தேவை. கெட்டுப்போன கோப்பைப் பழுதுபார்க்க முயன்ற பிரதியை அல்ல, தொடாத மூலத்தை அனுப்புங்கள். பெயரிலேயே அது தெரியட்டும், `report_corrupt_original.docx` என்பது போல. கோப்பின் மீது வலச்சொடுக்கி `Properties` சாளரத்தைப் படம்பிடித்துச் சேர்க்கலாம், ஏனெனில் மின்னஞ்சலில் போகும் கோப்பு மூலத் தேதிகளைச் சுமந்து செல்வதில்லை. அந்தப் படத்தில் `Created` தேதி `Modified` தேதிக்குப் பிந்தியதாக இருப்பதைக் கண்டு நீங்கள் பதறினீர்கள். விண்டோஸில் ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் `Created` என்பது பிரதி எடுத்த நேரமாக மாறும். `Modified` மட்டும் கடைசியாகத் திருத்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அது இயல்பானதே. படத்தைத் திருத்தவோ மறைக்கவோ முயல வேண்டாம்.

ஒரு தவற்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்: திங்கள் மாலை ஒப்படைப்புத் தளத்தில் கெட்டுப்போன கோப்பை ஏற்றிவிட்டு, ‘ஒப்படைத்தாயிற்று’ என்று இருந்துவிடுவது. மேலே சொன்ன விற்பனைக் கோப்புகளின் உத்தி அதுவேதான். உண்மையிலேயே கோப்பை இழந்தவர்கூட அதைச் செய்த கணத்தில் ஏமாற்றுபவரின் வரிசையில் போய் நின்றுவிடுகிறார்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஞாயிறு காலை அனுப்பிய மின்னஞ்சலை அவர் திங்கள் காலைதான் பார்க்கக்கூடும். அன்று பகல்வரை பதில் இல்லையென்றால் அவருடைய அறைக்கு நேரில் சென்று, மின்னஞ்சல் அனுப்பியிருப்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். முழுக் கதையையும் அங்கே மறுபடி தொடங்க வேண்டாம். அப்போதும் விடை கிடைக்கவில்லையென்றால், மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல் பழைய கெடு நீடிக்கிறது என்றே கருதி வேலை செய்யுங்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையின் 8 மணி நேரத்தில் முதலில் வடிவமைப்பையும், நேரம் மிஞ்சினால் அட்டவணைகளையும் முடிக்கச் சொன்னேன். வரைபடங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். திங்கள் மாலை 4 மணிக்கு, 5 வரைபடங்களின் இடத்தில் ‘வரைபடம் பின்னர் இணைக்கப்படும்’ என்ற குறிப்போடு, எழுத்து முழுமையாக உள்ள அறிக்கையை பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள். ஏற்றியதை அந்தத் தளத்திலிருந்தே மறுபடி இறக்கி, திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.